பட்டியலுக்குள் அடங்காத ரெஸ்யூம்

(அண்மையில் மேலாளர் பொறுப்புக்கு வந்திருக்கும் நம் குடியிருப்பு இளைஞர்களுக்காக, ஒரு ஞாயிறு மாலை நம் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று நேரம் போதாமல் விட்டுப்போன ஓரிரு விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் சார் என்னிடம், "புதுசா மேனேஜர் ஆன பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் நம்ம பிளாக்குகளில் இருக்காங்க, ஆள் எடுக்கறதைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்க" என்றார். ஆள் எடுப்பது என்பது பெரிய விஷயம். விளம்பரம், நேர்காணல், சம்பளப் பேச்சு என்று நீண்டுகொண்டே போகும். அதில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மேசையில் நாற்பது ரெஸ்யூம் கிடக்கிறது, அதில் ஐந்து பேரைக் கூப்பிடப் போகிறீர்கள். அந்த ஐந்து பேர் யார் என்று முடிவு செய்யும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நான் பி.காம். படித்துவிட்டு 1983ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். 2001ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது வெளியே வந்து, சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினேன். பெரும்பாலும் காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரிகள், சில ஹார்டுவேர் கடைகள், இரண்டு மூன்று ஓட்டல்கள். இன்று என்னோடு பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். எங்களுக்கு ஹெச்.ஆர். டிபார்ட்மெண்ட் கிடையாது. ரெஸ்யூமைப் பிரிப்பதிலிருந்து சேர்ந்தவருக்கு டீ எங்கே கிடைக்கும் என்று காட்டுவது வரை எல்லாம் நான்தான்.

வங்கியில் எங்களை எடுத்த விதத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வங்கிப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய எழுத்துத் தேர்வு அது. எண்களை வேகமாகக் கூட்டத் தெரிகிறதா, இரண்டு பெயர்ப் பட்டியலை ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடிக்க முடிகிறதா, யோசிக்கத் தெரிகிறதா என்றுதான் பார்த்தார்கள். லெட்ஜர் போடத் தெரியுமா, டே புக் எழுதியிருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் கிளையில் பாதிப் பேர் வேலைக்கு வந்திருக்க முடியாது. லெட்ஜரைக் கிளையில் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம், எண்களைப் பார்த்தால் கண் நிற்கிற ஆள்தான் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அது சரியான கணக்கு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இப்போது நிலைமை தலைகீழ். ஒரு விளம்பரம் போட்டால் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. அத்தனையையும் படிக்க நேரமில்லை. அதனால் ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறோம். இந்தச் சாஃப்ட்வேர் தெரியுமா, இத்தனை வருட அனுபவம் இருக்கிறதா, இந்தச் சொல் ரெஸ்யூமில் இருக்கிறதா? ஆறுக்கு ஆறு டிக் விழுந்தவர் உள்ளே, மற்றவர் வெளியே. ஆட்களைக் கழித்துக்கட்ட இந்தப் பட்டியல் நன்றாகவே உதவும். தேர்ந்தெடுக்க உதவுமா என்பதுதான் கேள்வி. எனக்கு நடந்த ஒரு தேர்வையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

2022ல் ஒரு கணக்கு உதவியாளர் வேலைக்கு ஆள் தேடினோம். நாற்பத்து மூன்று ரெஸ்யூம் வந்தது. விளம்பரத்தில் நாங்கள் கேட்டிருந்தது ஆறு: பி.காம். பட்டம், டேலியில் இரண்டு வருட அனுபவம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்ட அனுபவம், டி.டி.எஸ்., எக்செல், ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் திறமை.

ரெஸ்யூம்களைத் தொடும் முன் நான் ஒரு வேலை செய்வேன். அந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், "இது தெரியாத ஒருவருக்கு எங்கள் அலுவலகத்தில் சொல்லிக் கொடுக்க எத்தனை நாள் ஆகும்?" என்று எழுதுவேன். டேலியில் பர்ச்சேஸ், சேல்ஸ் என்ட்ரி போட மூன்று வாரம். எக்செல்லில் எங்களுக்கு வேண்டிய அளவு பத்து நாள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மாதாமாதம் சுற்றி வருகிற வேலை என்பதால், மூன்று சுற்றுப் பார்த்தால்தான் பிடிபடும், அதாவது மூன்று மாதம். டி.டி.எஸ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது, அவசரமே இல்லை. ஆங்கிலக் கடிதம் வருடக் கணக்கில் ஆகும், ஆனால் எங்கள் வியாபாரிகளும் அவர்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களும் போனில் தமிழில்தான் பேசுகிறார்கள். அதை ஏன் கேட்டோம்? எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கேட்டோம். அதை அடித்துவிட்டேன்.

இப்படி எழுதி முடித்ததும் ஒன்று தெரிந்தது. உண்மையில் சொல்லிக் கொடுக்க முடியாதது அந்தப் பட்டியலிலேயே இல்லை. கணக்கு டேலி ஆகாதபோது, எங்கே உதைக்கிறது என்று விடாமல் தேடுகிற குணம். தனக்குப் புரியாததை மறைக்காமல், "இது புரியவில்லை" என்று சொல்லுகிற பழக்கம். இரண்டும் என் அலுவலகத்தில் ஒருவருக்கு வருவதற்கு எத்தனை நாள் ஆகும்? எனக்குத் தெரிந்து, இருபத்தைந்து வயதுக்கு மேல் வராது. அதை ரெஸ்யூமில்தான் தேட வேண்டும். தேடத் தெரிந்தால் தடயம் இருக்கும்.

ரெஸ்யூமை எப்படிப் படிப்பது என்று இப்போது சொல்கிறேன்.

நம் ஊர் ரெஸ்யூமில் பாதி அந்த ஆள் எழுதியதே அல்ல. பிரவுசிங் சென்டர்க்காரர் எழுதியது. மேலே, சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தன் வளர்ச்சிக்கும் பாடுபட விருப்பம் என்று ஒரு வரி இருக்கும். கீழே, மேற்சொன்னவை அனைத்தும் உண்மை என்று ஓர் உறுதிமொழி. நடுவில் கடின உழைப்பு, தன்னம்பிக்கை, குழுவாகப் பணியாற்றும் திறன். நாற்பத்து மூன்றிலும் இவை இருந்தன. இவற்றைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். ஆங்கில எழுத்துப் பிழைகளையும் பொருட்படுத்தாதீர்கள், அதுவும் பல சமயம் டைப் அடித்தவருடைய பிழை. மிச்சம் இருப்பது ஐந்தாறு வரிதான். அந்த ஐந்தாறு வரிதான் ஆள்.

அந்த மிச்சத்தை ஆண்டு வாரியாக ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். ரெஸ்யூமில் எப்போதும் படிப்பு தனியாக, வேலை தனியாக இருக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தால்தான் எது எதோடு சேர்ந்து நடந்தது என்று தெரியும்.

எங்களுக்கு வந்ததில் ஒரு பெண்ணின் ரெஸ்யூமை இப்படிப் பிரித்தேன். 2014ல் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். 2015லிருந்து ஒரு மருந்துக் கடையில் பில்லிங். 2016ல் தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்திருக்கிறார். முதல் வருடத்தில் இரண்டு பேப்பர் அரியர், அடுத்த தேர்விலேயே இரண்டும் பாஸ். 2019ல் பட்டம். 2018லிருந்து அதே கடையில் பில்லிங்கோடு "ஸ்டாக், பர்ச்சேஸ் பில் செக்கிங்" என்று சேர்ந்திருக்கிறது. 2019லிருந்து இன்னொரு வரி: "எக்ஸ்பைரி ரிட்டர்ன், 14 ஏஜென்சி, கிரெடிட் நோட் வரும் வரை ஃபாலோ அப்."

ஆறில் அவருக்கு விழுந்த டிக் ஒன்றுதான், பட்டம். டேலி கிடையாது, அந்தக் கடையில் வேறு ஏதோ பில்லிங் சாஃப்ட்வேர். ஜி.எஸ்.டி. என்ற எழுத்தே ரெஸ்யூமில் இல்லை. பட்டியலோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் பத்து நொடியில் ஓரத்துக்குப் போயிருக்கும்.

அந்தக் கடைசி வரியில்தான் என் கண் நின்றது. மருந்துக் கடையில் காலாவதியாகும் மருந்தைத் தூக்கி எறிவதில்லை. எந்த ஏஜென்சியிடம் வாங்கினார்களோ அவர்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். ஏஜென்சி அதற்கு ஒரு கிரெடிட் நோட் தர வேண்டும். உடனே வராது. சிலர் இரண்டு மூன்று மாதம் இழுப்பார்கள், சிலர் பத்து அட்டை அனுப்பினால் எட்டு அட்டைக்குத்தான் தருவார்கள். எந்த பேட்ச், எந்த பில்லில் வாங்கியது, எவ்வளவு அனுப்பினோம், எவ்வளவு வந்தது என்று யாராவது விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்காவிட்டால் அந்தப் பணம் சத்தமில்லாமல் போய்விடும், முதலாளிக்கே தெரியாது.

இதே வேலைதான் எங்கள் அலுவலகத்தின் முக்கிய வேலை. ஜி.எஸ்.டி.யில் ஒரு கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்றவர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் ஏற்றியிருக்க வேண்டும். அப்படி ஏறிய பில்களின் பட்டியல் 2பி என்ற பெயரில் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி போர்ட்டலில் வரும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் 20ஆம் தேதிக்குள் 3பி போட வேண்டும். இடையில் இருக்கிற ஆறு நாளில், நம் புத்தகத்தில் உள்ள பில் ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் விற்றவரைப் போனில் பிடித்து, "அண்ணே, உங்க பில் ஏறலை" என்று துரத்த வேண்டும். அந்தப் பெண் மூன்று வருடம் பதினான்கு ஏஜென்சியோடு இதைத்தான் செய்திருக்கிறார், வேறு பெயரில்.

அந்தத் துண்டுத் தாளில் நான் பார்ப்பவை மூன்று. ஒரே இடத்தில் இருக்கும்போது கையில் கொடுக்கப்பட்ட பொறுப்பு கூடியிருக்கிறதா என்பது முதலாவது. பில் போட வந்த பெண்ணிடம் மூன்றாம் வருடம் பர்ச்சேஸ் பில்லைக் கொடுத்திருக்கிறார்கள், நான்காம் வருடம் பணம் வரவேண்டிய வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். பதவிப் பெயர் மாறவே இல்லை, கடைசி வரை "பில்லிங் அசிஸ்டெண்ட்"தான். பதவிப் பெயரை மட்டும் பார்க்கிறவருக்கு ஏழு வருடம் ஒரே இடத்தில் தேங்கியவர் போலத் தோன்றும். வங்கியில் லெட்ஜர் பார்த்த பழக்கம் எனக்கு. ஒரு கணக்கின் தன்மையைத் தெரிந்துகொள்ள, கடைசியில் நிற்கும் பேலன்ஸைவிட வருடம் முழுக்க வரவு செலவு எப்படிப் புரண்டிருக்கிறது என்பதைத்தான் பார்ப்போம். இதுவும் அப்படித்தான்.

இரண்டாவது, அந்த வேலையைச் செய்தவர் மட்டுமே எழுதக்கூடிய விவரம் ஏதாவது இருக்கிறதா? "14 ஏஜென்சி", "கிரெடிட் நோட் வரும் வரை" என்பவை அப்படிப்பட்ட சொற்கள். பிரவுசிங் சென்டரில் இவை கிடைக்காது. மூன்றாவது, எதையெல்லாம் ஒரே நேரத்தில் சுமந்திருக்கிறார்? 2016லிருந்து 2019 வரை வேலையும் படிப்பும் சேர்ந்தே ஓடியிருக்கின்றன. அரியர் வைத்ததைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. அது எப்போது விழுந்தது, எத்தனை நாளில் எழுந்தது என்று நான் பார்ப்பேன்.

அதே குவியலில் ஆறுக்கு ஆறு டிக் விழுந்த ஒரு இளைஞரும் இருந்தார். மூன்று அலுவலகங்கள், மூன்றிலும் ஏறக்குறைய ஒரு வருடம். டேலி, ஜி.எஸ்.டி.ஆர். 1, 3பி, டி.டி.எஸ். எல்லாம் இருந்தது. ஆனால் மூன்று அலுவலகத்துக்குக் கீழேயும் அதே நான்கு வரிகள், எழுத்து மாறாமல். அடிக்கடி மாறியிருக்கிறாரே என்று நான் ஒதுக்கவில்லை. 2020, 2021ல் வேலை மாறியவர்களை அதற்காக ஒதுக்கினால் நியாயமே இல்லை. ஆனால் மூன்று வருடத்தில் கையில் இருந்த வேலை வளர்ந்ததா என்று அந்தத் தாளில் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவரையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து ஐந்து பேரைக் கூப்பிட்டேன்.

ரெஸ்யூமில் தெரிவது சந்தேகத்துக்குரிய தடயம்தான், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஐந்து பேருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தேன். நாற்பது பர்ச்சேஸ் பில், பக்கத்தில் 2பி போன்ற ஒரு பட்டியல், முக்கால் மணி நேரம். உள்ளே ஐந்து வித்தியாசம் வைத்திருந்தேன். ஒரு பில் நம்பரில் சாய்கோடு விட்டுப்போயிருந்தது. ஒரு பில் இரண்டு முறை ஏறியிருந்தது. ஒன்று பட்டியலிலேயே இல்லை. ஒன்றில் வரி 1,530 ரூபாய் என்பது 1,350 என்று எண் இடம் மாறியிருந்தது. ஒன்று வெளிமாநில பில், அதை உள்ளூர் பில் போல வரியை இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தோம். (இடையில் ஒரு சின்னத் தகவல்: இரண்டு எண் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 1,530க்கும் 1,350க்கும் வித்தியாசம் 180. வங்கியில் டே புக் உதைத்தால் முதலில் ஒன்பதால்தான் வகுத்துப் பார்ப்போம். இப்போது கம்ப்யூட்டர் வந்தபின் யாரும் செய்வதில்லை, ஆனால் இன்றும் பலிக்கிறது.)

அந்த இளைஞர் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். வெளிமாநில பில்லை உடனே பிடித்தார், அது அனுபவம். மொத்தம் மூன்றைக் கண்டுபிடித்தார். மிச்சம் இருந்த வித்தியாசத்தை "ரவுண்ட் ஆஃப்" என்று ஒரு என்ட்ரி போட்டுச் சமன் செய்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். முன்பு இருந்த இடத்தில் 18, 19ஆம் தேதிகளில் அறுபது கணக்கு முடிக்க வேண்டும், அதனால் அப்படித்தான் பழக்கம் என்று மறைக்காமல் சொன்னார். கெட்டிக்காரப் பையன்தான். அவரை வேறு விதமாகப் பழக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் முக்கால் மணி நேரமும் போதாமல் இன்னும் ஐந்து நிமிடம் கேட்டார். நான்கைப் பிடித்தார். வெளிமாநில பில் அவருக்குப் புரியவில்லை. ஆனால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில், "மொத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் வரி வேறு இடத்தில் இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை, கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். வெளிமாநில வரியை ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்த ஓரக் குறிப்பைச் சொல்லிக் கொடுக்க என்னால் முடியாது. அவரை எடுத்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சினிமாக் கதை ஆகிவிடும். முதல் இரண்டு மாதம் எங்கள் சீனியர் அம்மா தினமும் ஒரு மணி நேரம் அவருக்காக ஒதுக்கினார். அந்த ஒரு மணி நேர வேலையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள், ஒருவர் முகம் சுளித்தார். முதல் மாதம் என்ட்ரி மட்டும். இரண்டாம் மாதம் ஐந்து கடைகளின் பில் ஒப்பிடும் வேலை. ஐந்தாம் மாதம்தான் ஒரு 3பி தானாகத் தயார் செய்தார், அதையும் சீனியர் பார்த்த பிறகே போட்டோம். பட்டியல்படி எடுத்திருந்தால் முதல் வாரத்திலேயே அது நடந்திருக்கும். ஆங்கிலக் கடிதம் அவருக்கு இன்றும் தகராறுதான். இன்று பதினெட்டுக் கடைகளைத் தனியாகப் பார்க்கிறார். பில் ஏற்றாத சப்ளையரை அவர் துரத்துவதைக் கேட்டால் எனக்கே பயமாக இருக்கும்.

இது ஒரு சின்ன அலுவலகத்துக் கதை என்று நீங்கள் நினைக்கலாம். ஆராய்ச்சியாளர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1998ல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் பேராசிரியர்கள், ஆள் தேர்வு பற்றி 85 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஒருவர் வேலையில் எப்படிச் செய்வார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில், எத்தனை வருட அனுபவம் என்ற எண் மிகவும் பின்தங்கியிருந்தது. அந்த வேலையிலேயே ஒரு துண்டைச் செய்யவைத்துப் பார்ப்பது முன்வரிசையில் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எண்களைக் குறைத்திருக்கின்றன, ஆனால் அனுபவ வருடம் மேலே வரவில்லை.

சரி, எல்லா இடத்திலும் பட்டியலைத் தூக்கி எறியலாமா? கூடாது. மருந்துக் கடையில் பார்மசிஸ்ட் பதிவு இல்லாதவரை, திறமை தெரிகிறது என்று அந்த இடத்தில் வைக்க முடியாது. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்க முடியாது. சட்டம் கேட்கும் தகுதி ஒருபுறம் என்றால், சொல்லிக் கொடுக்க நாள் இல்லாத நிலைமை இன்னொரு புறம். உங்கள் டீமில் சொல்லிக் கொடுக்க ஒரு மூத்தவர் இல்லை, அல்லது அடுத்த வாரமே வேலை முடிய வேண்டும் என்றால், அந்தத் தடவை தெரிந்தவரைத்தான் எடுக்க வேண்டும். வளரக்கூடிய ஆளை எடுத்துவிட்டு, சொல்லிக் கொடுக்க யாரும் இல்லாமல் மூன்றாம் மாதம் "சரிப்படவில்லை" என்று அனுப்புவது அந்த ஆளுக்குச் செய்யும் அநியாயம். அதேபோல், அனுபவம் இல்லை என்பதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதற்கு இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள். நாங்கள் விளம்பரத்தில் சொன்ன சம்பளத்தையே கொடுத்தோம். குறைத்துக் கொடுத்திருந்தால், கற்றுக்கொண்டதும் பக்கத்துத் தெரு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போயிருப்பார். அவர் மேல் தப்பும் இருந்திருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பட்டியலில் ஒரு நல்ல விஷயம், அது எல்லோருக்கும் ஒன்றுதான். "இவரிடம் ஏதோ இருக்கிறது" என்று பார்க்க ஆரம்பித்தால், அந்த ஏதோ என்ன என்பது நம் மனதுக்குள் இருக்கிறது. நம் ஊர்க்காரர், நான் படித்த கல்லூரி, நம்மவர் மாதிரி பெயர். நமக்கே தெரியாமல் இவை உள்ளே வந்து உட்காரும். 2007ல் சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகையில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். மேல்சாதி இந்துப் பெயர்களைவிட தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. அவர்கள் பார்த்தது தனியார் நிறுவனங்களை, அதாவது நம்மைப் போன்ற ஆட்களை.

நான் செய்வது இரண்டு. நம் ஊர் பயோடேட்டாவில் பெயர், அப்பா பெயர், ஊர், போட்டோ எல்லாம் பெரும்பாலும் மேலே இருக்கும், சிலவற்றில் கடைசியிலும் வரும். என் அலுவலகத்தில் ஒருவர் அந்தப் பகுதிகளை மடித்துப் பின் அடித்துவிட்டுத்தான் என் மேசைக்குக் கொண்டுவருவார். முதல் சுற்றில் நான் பார்ப்பது நடுப்பகுதியை மட்டும். இரண்டாவது, ஒருவரைக் கூப்பிடலாம் என்று நினைத்தால், எந்த வரியைப் பார்த்து நினைத்தேனோ அதன் அடியில் கோடு போட வேண்டும். கோடு போட வரி கிடைக்கவில்லை என்றால் அது திறமை அல்ல, என் பிரியம்.

பேசி முடித்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. அவற்றையும் இங்கே தருகிறேன்.

சி பிளாக் தங்கை ஒருவர், "அங்கிள், எங்களுக்கு வர்றவங்க எல்லாம் ஃபிரெஷர்ஸ். வேலையே பார்த்திருக்க மாட்டாங்க. என்ன வரியைப் பார்க்கறது?" என்று கேட்டார். அவர்களிடமும் ஆண்டு வாரியான தாள் ஒன்று உண்டு. கல்லூரி புராஜெக்ட் என்று ஒரு வரி இருக்கும். ஒரே கல்லூரியிலிருந்து வந்த நாலு பேரிடம் அது ஒரே மாதிரி இருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். விடுமுறையில் அப்பா கடையில் உட்கார்ந்தது, டியூஷன் எடுத்தது, கல்லூரி விழாவுக்கு வசூல் கணக்குப் பார்த்தது போன்றவற்றைப் பல பிள்ளைகள் எழுதவே மாட்டார்கள், அது பெருமைக்குரியது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. அதனால் கூப்பிடும் முன் எல்லோருக்கும் ஒரே கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்: "படிக்கும் காலத்தில் உங்கள் பொறுப்பில் இருந்த ஒரு வேலையை நாலு வரியில் எழுதுங்கள், தமிழிலும் எழுதலாம்." வந்த பதில்களை ரெஸ்யூமோடு சேர்த்துப் படியுங்கள்.

இன்னொரு தம்பி ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாக ஆகியிருக்கிறார். "சார், எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே சாஃப்ட்வேரும் ஹெச்.ஆரும் வடிகட்டிடறாங்க. நாங்க பார்க்கறதே பத்துதான். நான் என்ன பண்ண முடியும்?" என்றார். நியாயமான கேள்வி. இரண்டு காரியம் செய்யலாம் என்று சொன்னேன். வடிகட்டும் பட்டியலை எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் உங்கள் டீம்தான். அதில் பன்னிரண்டு வரி இருந்தால், எத்தனை நாளில் சொல்லிக் கொடுக்கலாம் என்ற கணக்கை ஹெச்.ஆரோடு உட்கார்ந்து போடுங்கள். ஒரு மாதத்துக்குள் சொல்லிக் கொடுக்கக் கூடியவற்றை "கட்டாயம்" என்ற இடத்திலிருந்து "இருந்தால் நல்லது" என்ற இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு, கழிக்கப்பட்டவற்றில் கண்ணை மூடிக்கொண்டு பத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம், பென்சிலோடு. பத்தில் இரண்டுக்காவது கோடு போட வரி கிடைத்தால் உங்கள் வடிகட்டியில் ஓட்டை தப்பான அளவில் இருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பத்துத் தாளையும் ஹெச்.ஆர். மேசையில் வைத்துக் காட்டுங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் வடிகட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது, உங்களுக்குப் போனது அரை மணி நேரம்.